பள்ளிப் பேருந்து நடுவழியில் நின்றால்: பெற்றோருக்கான தகவலும் அறிக்கையும் எழுதும் முழுமையான வழிகாட்டி

இது பள்ளியின் போக்குவரத்துப் பொறுப்பாளருக்கும், அவர் விடுப்பில் இருக்கும் நாளில் அந்த நாற்காலியில் உட்காருபவருக்கும் எழுதியது. பேருந்து பழுதானால் பெற்றோருக்கு ஒரே ஒரு செய்தி போதாது. நின்றதும் ஒன்று, மாற்று வண்டி கிளம்பியதும் ஒன்று, குழந்தைகள் மாறி ஏறியதும் ஒன்று, கடைசிக் குழந்தை வீட்டாரிடம் சேர்ந்ததும் ஒன்று என நான்கு குறுஞ்செய்திகள் போக வேண்டும். மறுநாள் எழுத்து மூலமான அறிக்கை ஒன்று. இந்த ஐந்தையும் கட்டிப் பிடித்து நிறுத்துவது ஒரே விஷயம்தான்: குழந்தைகளின் எண்ணிக்கை.

விளக்குவதற்கு ஒரு மாதிரிச் சம்பவத்தைக் கடைசி வரை கொண்டுபோகிறோம். திருச்சியில் ஒரு பள்ளி, மாலை டிரிப், வழித்தடம் 7. தஞ்சாவூர் சாலையில் அரியமங்கலம், காட்டூர், திருவெறும்பூர், கணேசபுரம், துவாக்குடி என்று ஐந்து நிறுத்தங்கள். 4:20 மணிக்குப் பள்ளியிலிருந்து கிளம்பிய பேருந்து 4:48 மணிக்குக் காட்டூரைத் தாண்டி நின்றுவிடுகிறது.

## 1. வண்டி நல்லபடி ஓடும்போதே கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, நிறுத்தவாரியான பெயர்ப் பட்டியல். அட்டெண்டரிடம் அச்சிட்ட தாள் ஒன்று, அலுவலகத்தில் அதே தாள் ஒன்று. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஏறியது, இறங்கியது என இரண்டு கட்டங்கள். ஏறும்போதே டிக் போட்டிருந்தால்தான் பழுதான நேரத்தில் பதில் உடனே வரும். பேருந்து நின்ற பிறகு நினைவிலிருந்து போடும் டிக் நம்பத் தக்கதல்ல.

இரண்டாவது, யாரிடம் குழந்தையை ஒப்படைக்கலாம் என்ற பெயர்கள். அப்பா, அம்மா, தாத்தா என்று பள்ளியில் பதிவானவர்கள் மட்டும். ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் வைத்திருக்கும் குழந்தை, சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடும் குழந்தை என நேரம் தாழ்ந்தால் சிரமப்படுகிறவர்களின் பெயருக்கு அதே தாளில் ஒரு குறி இருக்கட்டும். அவர்கள் வீட்டுக்குக் குறுஞ்செய்தி போதாது. தனியாக போன் போக வேண்டும்.

மூன்றாவது, செய்தி போகும் வழி. பெற்றோருக்கு எஸ்எம்எஸ் அனுப்பும் பள்ளிகள் வாசகத்தை முன்கூட்டியே தொலைத்தொடர்பு நிறுவனங்களின் டிஎல்டி தளத்தில் பதிவு செய்து ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். கட்டண நினைவூட்டலுக்கும் விடுமுறை அறிவிப்புக்கும் வாசகம் பதிவாகியிருக்கும். பழுதுக்கான வாசகம் பெரும்பாலும் இருக்காது. அவசரத்தில் புதிதாகத் தட்டி அனுப்பினால் அது வழியிலேயே தடுக்கப்படும், பெற்றோரைச் சேராது. நேரம், இடம், எண்ணிக்கை ஆகியவற்றுக்கு மாறும் கட்டங்கள் விட்டு இப்போதே ஒரு வாசகத்தைப் பதிவு செய்யுங்கள்.

தமிழ் எஸ்எம்எஸ் சுருக்கமாக இருந்தாக வேண்டும். ஒரு பகுதிக்கு 70 குறியீடுகள்தான் இடம். 'கி' என்பது நமக்கு ஓர் எழுத்து, அங்கே இரண்டு. புள்ளி வைத்த 'க்' கூட இரண்டுதான். ஆகவே எஸ்எம்எஸ்ஸில் குழந்தைகள் நலம், எண்ணிக்கை, இடம், அடுத்த தகவல் எப்போது என்பவை மட்டும் போதும். விவரம் வாட்ஸ்அப் குழுவில் போகட்டும். அந்தக் குழுவில் அட்மின் மட்டும் எழுதும்படி அமைத்திருக்க வேண்டும். எல்லோரும் எழுதலாம் என்று விட்டால் "என்னாச்சு?" என்ற இருபது கேள்விகளுக்கு அடியில் உங்கள் செய்தி புதைந்துபோகும். பிராட்காஸ்ட் பட்டியலை மட்டும் நம்பாதீர்கள். உங்கள் எண்ணை போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் அது போய்ச் சேரும்.

## 2. வண்டியிலிருந்து வரும் முதல் போன்

இந்த போனை அட்டெண்டர் செய்வது நல்லது. ஓட்டுநருக்கு அப்போது ஹசார்டு விளக்கு போடவும், பின்னால் எச்சரிக்கை முக்கோணம் வைக்கவும் வேலை இருக்கிறது. நீங்கள் கேட்க வேண்டிய வரிசை இது.

"புகை வருதா, டீசல் வாடை அடிக்குதா? வண்டி முழுசா ரோட்டை விட்டு இறங்கி நிக்குதா?" என்பது முதல் கேள்வி. புகையோ டீசல் வாடையோ இருந்தாலோ, வண்டியின் ஒரு பகுதி ஓடுபாதையில் இருந்தாலோ, குழந்தைகளை இடப்பக்கமாக இறக்கிச் சாலையிலிருந்து தள்ளிப் பாதுகாப்பான இடத்தில் நிற்க வைக்கச் சொல்லுங்கள். நிற்கும் வண்டியின் பின்னால் லாரி வந்து மோதும் ஆபத்து நெடுஞ்சாலையில் எப்போதும் உண்டு. இவை எதுவும் இல்லையென்றால் குழந்தைகள் இருக்கையிலேயே இருப்பதுதான் பாதுகாப்பு. இறங்கி நிற்கும் ஏழு வயதுப் பிள்ளைகளை ஒரே ஆள் கட்டுப்படுத்துவது நடக்கிற காரியமில்லை.

யாருக்காவது அடிபட்டதா என்பது இரண்டாவது. "எல்லாரும் நல்லா இருக்காங்க" என்று அட்டெண்டர் உடனே சொன்னால், ஒவ்வொரு வரிசையாகப் போய்க் கேட்டுவிட்டுச் சொல்லும்படி கேளுங்கள். வண்டி குலுங்கி நிற்கும்போது முன்சீட்டுக் கம்பியில் உதடு இடிபட்ட குழந்தை வாயை மூடிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்கும். "காயம் யாருக்கும் இல்லை" என்று எழுதிவிட்டு, மாலையில் வீங்கிய உதட்டோடு ஒரு குழந்தை வீடு சேர்ந்தால், அன்று நீங்கள் எழுதிய மற்ற எதையும் அந்த வீட்டில் நம்ப மாட்டார்கள். காயம் இருந்தால் அந்தப் பெற்றோரிடம் முதலில் போனில் பேசுங்கள், பெரிய காயமென்றால் அதற்கும் முன்பு 108. குழுவுக்குச் செய்தி அதன் பிறகு.

பிறகு இடம், எந்தத் திசை, எத்தனை மணிக்கு நின்றது. கடைசியாக எண்ணிக்கை.

இந்த போன் முடிவதற்குள் மாற்று வண்டிக்குச் சொல்லிவிடுங்கள். "பத்து நிமிஷத்துல சரியாயிடும் சார்" என்று ஓட்டுநர் சொல்வார், நல்லெண்ணத்தோடுதான் சொல்வார். ஆனால் அந்தப் பத்து நிமிடத்துக்காகக் காத்திருந்தால், சரியாகாத பட்சத்தில் மாற்று வண்டி அதே அளவு தாமதமாகக் கிளம்பும். தேவைப்படாமல் போனால் பாதி வழியில் திருப்பிக்கொள்ளலாம், டீசல் செலவுதான்.

## 3. தலைக்கணக்கு

புதிதாகப் பொறுப்புக்கு வருகிறவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். பட்டியலில் 36 பேர் என்றால் "36 குழந்தைகளும் நலம்" என்று எழுதிவிடுகிறார்கள். பட்டியலில் இருப்பவர், அன்று ஏறியவர், இப்போது வண்டியில் இருப்பவர் என மூன்று எண்களும் வேறு வேறு.

நம் மாதிரிச் சம்பவத்தில் பட்டியல் 36. அன்று விடுப்பு 2. ஒரு குழந்தையைப் பள்ளி வாசலிலேயே அப்பா அழைத்துப் போனார். ஆக ஏறியவர் 33. அரியமங்கலத்தில் 5 பேரும் காட்டூரில் 6 பேரும் இறங்கியாயிற்று. மீதம் 22. திருவெறும்பூர் 10, கணேசபுரம் 5, துவாக்குடி 7 என நிறுத்தவாரியாகக் கூட்டினாலும் 22 வருகிறது.

அட்டெண்டர் வண்டிக்குள் தலைகளை எண்ணி ஓர் எண்ணைச் சொல்லட்டும். தாளில் இறங்காதவர்களைக் கூட்டி நீங்கள் ஓர் எண்ணை எடுங்கள். உங்கள் எண்ணை அவரிடம் முதலில் சொல்லாதீர்கள். சொன்னால் அதுவே அவர் எண்ணாகவும் வந்துவிடும். இரண்டும் ஒத்துப்போனால்தான் செய்தியில் எழுதலாம். ஒன்று குறைந்தால் பெயர் சொல்லி ஒவ்வொருவராகக் கூப்பிட வேண்டும். பெரும்பாலும் கடைசி இருக்கையில் படுத்துத் தூங்கும் யுகேஜி குழந்தையோ, தோழியுடன் முந்தைய நிறுத்தத்திலேயே இறங்கிவிட்ட பெரிய வகுப்பு மாணவியோ அந்த ஒருவராக இருப்பார். இரண்டாவது வகைக்கு அந்த மாணவியின் வீட்டுக்கு உடனே போன் போக வேண்டும்.

எண்ணிக்கை சரிபார்க்க ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும் என்று தெரிந்தால், எண்ணை விட்டுவிட்டு முதல் செய்தியை அனுப்புங்கள், "எண்ணிக்கை சரிபார்க்கப்படுகிறது, 5 நிமிடத்தில் தெரிவிக்கிறோம்" என்று. தவறான எண்ணைத் திருத்தி இரண்டாவது செய்தி அனுப்புவதைவிட இது மேல். 22 என்று படித்த பெற்றோர் அடுத்ததில் 21 என்று படித்தால் ஒரு குழந்தையைக் காணவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

## 4. முதல் செய்தி

நின்ற பத்து நிமிடத்துக்குள் போக வேண்டும். அதற்குமேல் தாமதித்தால் ஏதாவது ஒரு குழந்தையின் உறவினர் சாலையில் பார்த்துச் சொன்ன கதை முந்திக்கொள்ளும். வாட்ஸ்அப் குழுவுக்கான மாதிரி:

> வழித்தடம் 7, மாலைப் பேருந்து. நேரம் 4:56.
> பேருந்தில் உள்ள 22 குழந்தைகளும் நலம். யாருக்கும் காயம் இல்லை. ஓட்டுநரும் அட்டெண்டரும் உடன் இருக்கிறார்கள்.
> 4:48 மணிக்குப் பேருந்து பழுதாகி நின்றது. இடம்: காட்டூர் தாண்டி, திருவெறும்பூருக்கு முன்பு, தஞ்சாவூர் செல்லும் பக்கம், திருமண மண்டப வளாகத்துக்குள். குழந்தைகள் பேருந்துக்குள் அமர்ந்திருக்கிறார்கள்.
> அரியமங்கலம், காட்டூர் குழந்தைகள் 11 பேரும் முன்பே இறங்கிவிட்டனர்.
> மாற்றுப் பேருந்து ஏற்பாடாகிறது. அடுத்த தகவல் 5:15 மணிக்குள்.
> தொடர்புக்குப் போக்குவரத்து அலுவலகம். ஓட்டுநரையும் அட்டெண்டரையும் அழைக்க வேண்டாம்.

குழந்தைகள் நலம் என்ற வரி பழுதுக்கு முன்னால் வருகிறது. செய்தியைத் திறக்கும் தாய் முதல் வரியில் தேடுவது அதைத்தான். "பேருந்து பழுதாகி நின்றுவிட்டது" என்று தொடங்கினால் அதற்குப் பிறகுள்ளதை அவர் படிக்காமலே போன் செய்வார். வழித்தட எண் எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது, மற்ற வழித்தடப் பெற்றோர் பதறாமல் இருக்க.

இறங்கிவிட்ட 11 பேரைப் பற்றிய வரியை விட்டுவிடாதீர்கள். அலுவலகத்தில் இருக்கும் அப்பாவுக்குக் குழந்தை வீடு சேர்ந்ததா இல்லையா என்று தெரியாது. அந்த ஒரு வரி பதினோரு போன்களைக் குறைக்கும்.

அடுத்த தகவலுக்குச் சொன்ன நேரத்தை மீறக் கூடாது. சொல்வதற்குப் புதிதாக எதுவும் இல்லாவிட்டாலும் 5:15க்குள் "நிலைமை அப்படியே, குழந்தைகள் நலம்" என்றாவது அனுப்புங்கள். குழந்தைகளின் பெயர்களையோ புகைப்படத்தையோ குழுவில் போட வேண்டாம்.

## 5. இடத்தைச் சொல்வதும், நேரில் வருகிறவர்களும்

கிலோமீட்டர் கல் எண்ணும் கூகுள் மேப் புள்ளியும் மாற்று வண்டி ஓட்டுநருக்குத் தேவை. பெற்றோருக்கு இரண்டு ஊர்களுக்கு நடுவே, எந்தப் பக்கம், எதற்கு அருகில் என்று எழுதுங்கள். "எந்தப் பக்கம்" என்பது முக்கியம். நடுவில் தடுப்பு உள்ள நான்கு வழிச்சாலையில் எதிர்ப்பக்கம் வந்து நிற்கும் பெற்றோர், பிள்ளையைப் பார்த்ததும் தடுப்பைத் தாண்டிக் குறுக்கே ஓடி வருவார்கள்.

இடத்தைச் சொன்னால் எல்லோரும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள், ஆகவே சொல்லாமல் விடலாம் என்று சில பள்ளிகளில் நினைக்கிறார்கள். அது சரியில்லை. தன் குழந்தை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வது பெற்றோரின் உரிமை. மறைத்தால் சந்தேகம்தான் வளரும். இடத்தைச் சொல்லுங்கள், கூடவே ஒரு வரி சேருங்கள்: "நேரில் வருவோர் பதிவு செய்யப்பட்ட பாதுகாவலராக இருந்தால் மட்டும், அட்டெண்டரிடம் கையெழுத்திட்ட பின் குழந்தை ஒப்படைக்கப்படும்."

வருகிறவர் சித்தப்பாவாக இருந்து அவர் பெயர் பட்டியலில் இல்லையென்றால், குழந்தை அவரைப் பார்த்துச் சிரிப்பது போதாது. அலுவலகம் தாயையோ தந்தையையோ போனில் பிடித்துச் சம்மதம் கேட்ட பிறகே அனுப்ப வேண்டும். ஒவ்வொரு ஒப்படைப்பும் பெயர், நேரம், கையெழுத்து என்று தாளில் ஏறியதும் அலுவலகத்துக்கு ஒரு போன். நம் சம்பவத்தில் 5:06 மணிக்கு ஒரு தாய் வந்து தன் இரண்டு பிள்ளைகளை அழைத்துப் போகிறார். எண் 20 ஆகிறது. இந்த இருவரைக் கணக்கில் எழுதாமல் விட்டால், மாற்று வண்டியில் ஏறும்போது இரண்டு பேர் குறைவதாகத் தெரிந்து எல்லோரும் பதறிப்போவார்கள்.

## 6. காரணத்தை எப்படி எழுதுவது

முதல் செய்தியில் காரணம் வேண்டாம். அப்போது கிடைப்பது ஊகம் மட்டும். இரண்டாவது செய்தியில், ஓட்டுநர் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள்.

நம் சம்பவத்தில் ஓட்டுநர் போனில் சொன்னது: "பிரேக்ல ஏர் எறங்கிடுச்சு." இதை அலுவலகத்தில் ஒருவர் "பிரேக் பெயிலியர்" என்று தட்டிவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். பெரிய பேருந்துகளில் பிரேக் காற்றழுத்தத்தால் இயங்குகிறது. குழாயில் கசிவு வந்து அழுத்தம் குறைந்தால் ஓட்டுநர் முன்னால் எச்சரிக்கை ஒலி அடிக்கும், விளக்கு எரியும். அப்போதே ஓரம்கட்டிவிட வேண்டும். ஸ்பிரிங் பிரேக் பொருத்திய வண்டிகளில் அழுத்தம் மேலும் இறங்கினால் பின்சக்கரங்கள் தாமாகவே பிடித்துக்கொள்ளும், வண்டி நகராது. பிரேக் பிடிக்காமல் ஓடிய வண்டிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெற்றோருக்குத் தெரிய வேண்டும். அதே நேரம் "சிறு கோளாறு" என்று மழுப்பவும் கூடாது, பிரேக் சம்பந்தப்பட்டது என்பது உண்மை.

> வழித்தடம் 7. நேரம் 5:12.
> 20 குழந்தைகள் பேருந்தில் நலமாக இருக்கிறார்கள். 2 குழந்தைகளை அவர்களுடைய தாய் 5:06 மணிக்குக் கையெழுத்திட்டு அழைத்துச் சென்றார்.
> காரணம்: பிரேக்கை இயக்கும் காற்றழுத்தம் குறைந்தது. எச்சரிக்கை ஒலி வந்ததும் ஓட்டுநர் பேருந்தைச் சாலையோர வளாகத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். இந்தப் பேருந்தில் இன்று குழந்தைகள் மேற்கொண்டு பயணிக்க மாட்டார்கள்.
> மாற்றுப் பேருந்து 5:05 மணிக்குப் பள்ளியிலிருந்து கிளம்பிவிட்டது. 5:30 வாக்கில் வந்து சேரும். அடுத்த தகவல் 5:40 மணிக்குள்.

"கிளம்பிவிட்டது" என்று எழுத வண்டி வாசலைத் தாண்டியிருக்க வேண்டும். ஓட்டுநரைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அப்படி எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஜிபிஎஸ் செயலி வைத்திருக்கும் பெற்றோர் வண்டி பள்ளியிலேயே நிற்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

## 7. மாற்றி ஏற்றுதல்

மாற்று வண்டி இன்னொரு பள்ளிப் பேருந்தாக இருக்க வேண்டும். மீதமுள்ள குழந்தைகளுக்கு இருக்கை போதுமா என்று கிளம்பும் முன்பே பாருங்கள். போதாவிட்டால் இரண்டு நடையாகக் கொண்டுபோகலாம். அப்போது நிறுத்தவாரியாகப் பிரியுங்கள், வயதுவாரியாகப் பிரித்தால் அண்ணனும் தங்கையும் வேறு வேறு நடையில் போய்விடுவார்கள். காத்திருக்கும் குழந்தைகளோடு ஓட்டுநர் தவிர இன்னொரு பெரியவர் வேண்டும். அதனால் மாற்று வண்டியிலேயே ஓர் ஆசிரியரை அனுப்பிவிடுவது உத்தமம். ஷேர் ஆட்டோவும், தெரிந்தவர் காரும் வேண்டாம்.

புது வண்டி பழைய வண்டிக்கு முன்னால், இரண்டின் கதவும் சாலையை விட்டு விலகிய பக்கமாக இருக்கும்படி நிற்கட்டும். ஆசிரியர் புது வண்டிக் கதவில் பெயர் படித்து ஏற்றுவார், அட்டெண்டர் பழைய வண்டிக் கதவில் இறக்குவார். இறங்கியது 20, ஏறியது 20 என்று இருவரும் சொன்ன பிறகு, அட்டெண்டர் பழைய வண்டிக்குள் திரும்பப் போய்க் கடைசி இருக்கை வரை குனிந்து பார்க்க வேண்டும். தண்ணீர்ப் புட்டியும் டிபன் பையும் கிடைக்கும், சில நேரம் தூங்கும் குழந்தையும் கிடைக்கும். அட்டெண்டர் குழந்தைகளோடு போவார், பழைய வண்டியோடு அதன் ஓட்டுநர் இருப்பார்.

> வழித்தடம் 7. நேரம் 5:37.
> 20 குழந்தைகளும் மாற்றுப் பேருந்தில் ஏறி 5:36 மணிக்குக் கிளம்பினர். வழக்கமான அட்டெண்டரும் ஓர் ஆசிரியரும் உடன் வருகிறார்கள்.
> வந்து சேரும் உத்தேச நேரம்: திருவெறும்பூர் 5:45, கணேசபுரம் 5:55, துவாக்குடி 6:05.
> பேருந்தின் எண் வேறு: வண்டி எண் (கடைசி நான்கு இலக்கம்).

வண்டி எண்ணைச் சொல்லாவிட்டால் நிறுத்தத்தில் நிற்கும் பாட்டி தெரியாத வண்டியில் வந்த பேரனை எதிர்பார்த்திருக்க மாட்டார், கை காட்டாமல் விட்டுவிடுவார்.

## 8. முடிவுச் செய்தி

நான்காவது செய்தியைத்தான் பலர் அனுப்புவதே இல்லை. குழந்தை தன் வீட்டுக்கு வந்துவிட்டதால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று விட்டுவிடுகிறார்கள். வெளியூரில் இருக்கும் அப்பாவுக்கு இது தேவை. "6:09: வழித்தடம் 7இன் 22 குழந்தைகளும் (மாற்றுப் பேருந்தில் 20, தாயுடன் 2) வீட்டாரிடம் ஒப்படைக்கப்பட்டனர்" என்ற ஒரு வரி போதும். நிறுத்தத்தில் ஆள் வராத குழந்தை இருந்தால் அந்தக் குழந்தை வண்டியிலேயே இருக்க வேண்டும். கணக்கு முடியும்வரை இந்தச் செய்தி போகக் கூடாது.

## 9. காலை டிரிப்பாக இருந்தால்

வரிசை மாறும். வண்டியில் இருப்பவர்கள் பாதுகாப்பாக இருக்கிறார்கள், ஆனால் அடுத்த நிறுத்தங்களில் சாலையோரம் காத்திருக்கும் குழந்தைகளுக்கு எதுவும் தெரியாது. பெற்றோர் விட்டுவிட்டு வேலைக்குப் போயிருக்கலாம். எனவே இன்னும் ஏறாத நிறுத்தங்களுக்கு முதல் செய்தி, "குழந்தையைத் தனியே விட்டுச் செல்ல வேண்டாம்" என்ற வரியோடு. வண்டியில் உள்ளவர்களின் பெற்றோருக்கு அடுத்து. வகுப்பாசிரியர்களுக்கும் பட்டியல் போக வேண்டும், இல்லையென்றால் வராதவர்கள் என்று பதிவாகி வீட்டுக்கு இன்னொரு எஸ்எம்எஸ் போய்ப் புதிய கலவரம் ஆகும்.

## 10. மறுநாள் அறிக்கை

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். நான்கு செய்திகளிலும் உள்ள நேரங்களை அப்படியே எடுத்து எழுதினால் பாதி வேலை முடிந்தது. அழகுக்காக நேரங்களைத் திருத்தாதீர்கள். பெற்றோர் போனில் பழைய செய்திகள் இருக்கின்றன, ஒத்துப் பார்ப்பார்கள்.

முதல் பத்தியில் நேரவரிசை: 4:48 நின்றது, 4:51 அலுவலகத்துக்குத் தகவல், 4:56 பெற்றோருக்குத் தகவல், 5:05 மாற்றுப் பேருந்து கிளம்பியது, 5:28 வந்தது, 5:36 குழந்தைகளுடன் கிளம்பியது, 6:05 கடைசி நிறுத்தம். வழக்கமாக 5:15க்குத் துவாக்குடி போய்ச் சேரும் பேருந்து, ஆகவே தாமதம் 50 நிமிடம். அந்த எண்ணை நேராக எழுதுங்கள்.

இரண்டாவது பத்தியில் எண்ணிக்கை. பட்டியல் 36, ஏறியவர் 33, முன்பே இறங்கியவர் 11, தாயுடன் சென்றவர் 2, மாற்றுப் பேருந்தில் 20. 11, 2, 20 மூன்றையும் கூட்டினால் 33 வர வேண்டும். வராவிட்டால் அறிக்கை வெளியே போகக் கூடாது.

மூன்றாவதில் மெக்கானிக் எழுதிக் கொடுத்த காரணமும் செய்த வேலையும்: எந்தக் குழாய், எதில் உரசித் தேய்ந்தது, எது மாற்றப்பட்டது, மற்ற பேருந்துகளில் அதே இடம் பார்க்கப்பட்டதா. "பேருந்து முழுமையாகச் சரிசெய்யப்பட்டது" என்ற வரியை விட, "குழாய் மாற்றப்பட்டது, காற்றழுத்தம் நிரப்பி இன்ஜினை நிறுத்தி அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்கப்பட்டது, குழந்தைகள் இல்லாமல் வழித்தடம் முழுதும் ஓட்டிப் பார்த்த பிறகே பேருந்து திரும்பும்" என்பது பெற்றோருக்கு விஷயத்தைச் சொல்கிறது. அந்தப் பேருந்து எந்தத் தேதியிலிருந்து ஓடும், அதுவரை எந்த வண்டி வரும் என்பதையும் சேருங்கள்.

கடைசியில் பொறுப்பாளரின் பெயர், கையெழுத்து, சந்திக்கும் நேரம். அட்டெண்டரின் டிக் போட்ட தாளையும் ஒப்படைப்புக் கையெழுத்துகளையும் அறிக்கையோடு இணைத்து அலுவலகக் கோப்பில் வையுங்கள். அவற்றில் குழந்தைகளின் பெயர்கள் இருப்பதால் பெற்றோருக்குப் போகும் பிரதியில் அவை சேரக் கூடாது. தன் குழந்தை பற்றிய வரியைப் பார்க்க விரும்பும் பெற்றோருக்கு அலுவலகத்தில் அந்த வரியை மட்டும் காட்டலாம்.